நூலுக்கும் மணிக்கும் ஓர் இருப்புப் பதிவேடு: ஷேட் எண்ணை வைத்து அடுக்கிய கதை

டி.எம்.சி. நூலில் 310 என்றால் கறுப்பு. ஆங்கர் நூலில் 310 என்றால் பழுப்பு. ஆங்கரில் கறுப்பு வேண்டுமானால் 403 கேட்க வேண்டும். எம்ப்ராய்டரி செய்கிறவர்களுக்கு இது பழகிய விஷயம்தான். ஆனால் இரண்டு கம்பெனி நூலும் ஒரே டப்பாவில் கிடக்கும் வீட்டில் “310 இருக்கு” என்று நோட்டில் எழுதி வைத்தால் அதற்கு அர்த்தமே இல்லை. என் வீட்டு டப்பா அப்படிப்பட்டதுதான். பாதிக்கு மேல் ஆங்கர், வெளியூரிலிருந்து வந்தவர்கள் கொடுத்த டி.எம்.சி. கொஞ்சம், ஆரி வேலைக்கு வாங்கிய சில்க் நூல் கண்டுகள், அப்புறம் ஜிப் கவர்களில் மணிகள். ஆர்டர் வந்தால் கையில் இருப்பது தெரியாமல் அதே பச்சையை மறுபடி வாங்குவது, இருக்கிறது என்று நம்பி உட்கார்ந்தால் அரைக் கட்டுகூட இல்லாமல் போவது, இந்த இரண்டையும் நிறுத்தத்தான் கூகுள் ஷீட்டில் ஓர் இருப்புப் பதிவேடு போடும் இந்த வேலையைக் கையில் எடுத்தேன்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நிறவாரியாக அடுக்குவது. சிவப்பெல்லாம் ஒரு பக்கம், பச்சையெல்லாம் ஒரு பக்கம். பார்க்க அழகாக இருக்கும், படமெடுத்துப் போடலாம். ஆனால் தேடும்போது உதவாது. டர்க்காய்ஸை நீலத்தில் வைப்பதா பச்சையில் வைப்பதா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டும். வைத்தவரே மறுமாதம் வேறு இடத்தில் தேடுவார். எண்ணில் அந்தச் சிக்கல் கிடையாது. 227 என்பது 226-க்கும் 228-க்கும் நடுவில்தான், வேறெங்கும் இருக்க முடியாது. அதனால் டப்பாவில் எண் வரிசை, நிறக் குடும்பம் பதிவேட்டில் மட்டும் என்று பிரித்துக்கொண்டேன்.

எண் வரிசையும் நிற வரிசையும் ஒன்றில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆங்கரில் 226, 227, 228 மூன்றும் வெளிர்பச்சையிலிருந்து அடர்பச்சைக்குப் படிப்படியாகப் போகும். அவற்றோடு சேர்த்துப் பயன்படுத்தத் தோதான இன்னும் அடர்ந்த பச்சை 923-ல் இருக்கிறது, இளம்பச்சை 238-ல் இருக்கிறது. எண்ணை மட்டும் நம்பினால் இந்த உறவு கண்ணில் படாது. பதிவேட்டில் “குடும்பம்” என்று ஒரு பத்தி வைத்து, இந்த ஐந்துக்கும் “இலைப்பச்சை” என்று எழுதி, 1 முதல் 5 வரை வெளிர்-அடர் வரிசையும் கொடுத்துவிட்டால் ஷேடிங் செய்யும்போது அந்தக் குடும்பத்தை மட்டும் வடிகட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

குறியீடு எழுதும் முறை

ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் கம்பெனி எழுத்து, பிறகு நான்கு இலக்கம். ஆங்கர் 46 என்றால் A-0046, டி.எம்.சி. 321 என்றால் D-0321. நான்கு இலக்கம் எதற்கு? கூகுள் ஷீட்டில் இந்தக் குறியீடு எழுத்தாகத்தான் வரிசைப்படும். A-46 என்று எழுதினால் A-1005 அதற்கு முன்னால் போய் உட்காரும், ஏனென்றால் 1 என்ற எழுத்து 4-க்கு முந்தையது. முன்னால் பூஜ்யம் போட்டு நிரப்பினால் வரிசை சரியாக வரும். ஆங்கரில் 9046 போல நாலிலக்க எண்கள் இருப்பதால் மூன்று இலக்கம் போதாது.

கம்பெனி எழுத்து வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017-ல் டி.எம்.சி. புதிதாகச் சேர்த்த 35 நிறங்களுக்கு 01 முதல் 35 வரை எண் கொடுத்தது. அதில் 01, 02 இரண்டும் சாம்பல் குடும்பம். ஆங்கரில் 1, 2 இரண்டும் வெள்ளை. வெறுமனே 01 என்று தட்டினால் ஷீட் அந்தப் பூஜ்யத்தைத் தின்றுவிட்டு 1 என்று வைத்துக்கொள்ளும். சாம்பல் வெள்ளையாகிவிடும், ஏன் என்றும் தெரியாது. முன்னால் எழுத்து இருந்தால் ஷீட் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது.

எண்ணே இல்லாத நூலும் உண்டு. டி.எம்.சி.யின் வெள்ளைகளில் ஒன்றின் பெயர் Blanc, இன்னொன்று B5200. இவற்றை D-BLANC, D-B5200 என்றே வைத்துவிட்டேன். கட்டின் மேல் அச்சிட்டிருப்பதை மாற்றாமல் எழுதுவதுதான் நல்லது. நாமாக ஓர் எண் கொடுத்தால் கடையில் கேட்க முடியாது.

ஏற்கெனவே எண்களைத் தனிப் பத்தியில் தட்டி வைத்திருப்பவர்கள் கையால் மாற்ற வேண்டியதில்லை. A பத்தியில் கம்பெனி எழுத்தும் B பத்தியில் எண்ணும் இருந்தால் இது போதும்:

```
=A2&"-"&TEXT(B2,"0000")
```

பட்டை போன கட்டுகள்

அதிக நேரம் தின்றது இதுதான். நூல் கட்டின் மேல் காகிதப் பட்டை இரண்டு இருக்கும், எண் அதில்தான். நூலை இழுத்து இழுத்துக் கட்டு தளர்ந்ததும் பட்டை நழுவி டப்பாவின் அடியில் போய்ச் சேரும். அப்புறம் அது வெறும் ஒரு சிவப்பு. என் டப்பாவின் அடியில் பட்டைகள் தனியாகவும் கட்டுகள் தனியாகவும் கிடந்தன. எது எதனுடையது என்று ஊகித்துச் செருகுவதில் பயனில்லை, ஷேட் கார்டோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

ஷேட் கார்டு என்றால் உண்மையான நூல் துண்டு ஒட்டிய கார்டு. அச்சடித்த கார்டும் போன் திரையும் இந்த வேலைக்கு ஆகாது. திரையில் ஆங்கர் 46-க்கும் 47-க்கும் உள்ள வித்தியாசம் போனுக்குப் போன் மாறும். கார்டு இல்லாதவர்கள் நூல் நிறைய வைத்திருக்கும் கடைக்குக் கட்டை எடுத்துப் போய், கூட்டமில்லாத மதிய நேரத்தில் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வெளிச்சம். நேர் வெயில் படாத ஜன்னலோரம், காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்று மணிக்குள். மாலையில் வெளிச்சமே மஞ்சளாகிவிடும். எனக்கு உதவ வந்த பக்கத்து வீட்டுப் பெண் டியூப் லைட்டின் கீழ் இரண்டு கட்டைத் தூக்கிக் காட்டி, “அக்கா, இந்தப் பச்சை ரெண்டும் ஒண்ணுதானே?” என்றாள். ஒன்று போலத்தான் இருந்தன. ஜன்னலுக்குக் கொண்டுபோனதும் ஒன்று மஞ்சள் கலந்த பச்சையாகவும் மற்றது நீலம் கலந்ததாகவும் பிரிந்து நின்றன. இரண்டு நூல்களின் சாயக் கலவை வேறாக இருந்தால் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போய், இன்னொன்றில் விலகும். டியூப் லைட் முடிவை நம்பி அவற்றை ஒரே எண்ணில் போட்டிருந்தால், பாதி இலை ஒரு பச்சை, மீதி வேறொரு பச்சை என்று பகலில் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, நூல் கிடக்கும் திசை. இந்தப் பருத்தி நூலுக்கு மெர்சரைஸ் செய்த பளபளப்பு உண்டு. குறுக்கே கிடந்தால் ஒரு நிறம், நெடுக்கே கிடந்தால் சற்று அடர்ந்த நிறம். கார்டில் ஒட்டிய துண்டு எந்தத் திசையில் கிடக்கிறதோ அதே திசையில் நம் நூலையும் வைக்க வேண்டும். ஒற்றை இழையை வைத்துப் பார்க்கவும் கூடாது. ஆறு இழையையும் பிரிக்காமல், கார்டில் உள்ள துண்டின் அதே தடிமனில், அதோடு ஒட்டி வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு மறைந்தால் அதே எண். சுற்றியிருக்கும் மற்ற நிறங்கள் கண்ணை இழுக்காமல் இருக்க ஒரு வெள்ளை அட்டையில் விரல் அகலத்துக்குச் சதுர ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு சந்தேகப்பட்ட கட்டுகள் பாதியாகக் குறைந்தன.

இப்படிக் கண்டுபிடித்த எண்ணுக்குப் பின்னால் கேள்விக்குறி போடுகிறேன்: A-0047?. பட்டையிலிருந்து நேராக எழுதிய எண்ணுக்கு அது கிடையாது. கேள்விக்குறி உள்ள நூலைச் சின்னப் பூவுக்குப் பயன்படுத்தலாம். பின்னணி முழுக்க நிரப்பும் வேலையில் புதுக் கட்டோடு சேர்த்துப் பயன்படுத்த மாட்டேன். நீண்டநாள் வெளிச்சம் பட்ட கட்டு சற்று வெளுத்திருக்கும், எண் சரியாகவே இருந்தாலும் புதியதோடு ஒட்டாது.

அடுக்கியது

கட்டாகவே வைப்பதா, பாபின் அட்டையில் சுற்றுவதா என்று இரண்டு கட்சி உண்டு. பிரிக்காத புதுக் கட்டைச் சுற்றுவதால் லாபமில்லை. அது பட்டையோடு அப்படியே இருக்கட்டும். திறந்ததை மட்டும் பாபினில் சுற்றி, பாபின் தலையில் குறியீட்டை எழுதினேன். எழுத அழியாத மார்க்கர் வேண்டும். சாதாரண ஸ்கெட்ச் பேனா வியர்வைக் கை பட்டால் கரைந்து நூலில் ஏறும். இறுக்கிச் சுற்றினால் நூல் தட்டையாகி மடிப்புத் தடம் விழும், தளர்வாகச் சுற்றினால் போதும்.

பாபினுக்கென்று விற்கும் கட்டம் போட்ட டப்பாவில் ஒரு தொல்லை. கட்டத்துக்கு ஓர் எண் என்று நிரப்பிவிட்டால், நடுவில் புது எண் வரும்போது அதற்குப் பின்னால் உள்ள எல்லாவற்றையும் ஒரு கட்டம் தள்ள வேண்டும். நூலகத்தில் கார்டு அடுக்குவது போல நீளப் பெட்டியில் பாபின்களை நிறுத்தி வைத்து, நூறு நூறுக்கு ஒரு தடுப்பு அட்டை செருகிவிட்டேன். A-0200 தடுப்புக்குப் பின்னால் 200-லிருந்து 299 வரை. எத்தனை புதிதாக வந்தாலும் விரலால் விலக்கிச் செருக வேண்டியதுதான்.

ரப்பர் பேண்டு மட்டும் வேண்டாம். நம் ஊர் வெயிலில் அது இளகி ஒட்டி நூலில் பழுப்புக் கறை விடும். பாச்சை உருண்டையும் இந்தப் பெட்டியில் ஆகாது. கண்ணாடி போலத் தெளிவாக, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். நாப்தலீன் அதை இளக்கும். உருண்டை பட்ட இடம் மங்கிப் பிசுபிசுக்கும், நூலும் அதில் ஒட்டும்.

எவ்வளவு மிச்சம்?

புதுக் கட்டைக் கணக்கிடுவது எளிது. ஆங்கரும் டி.எம்.சி.யும் ஒரு கட்டு 8 மீட்டர், ஆறு இழை. திறந்த கட்டில்தான் சிக்கல். 50 செ.மீ. வெட்டி இரண்டு இழை எடுத்தால் நாலு இழைத் துண்டு மிஞ்சும். அடுத்த முறை மூன்று இழை எடுத்தால் ஒற்றை இழை மிஞ்சும். இந்தத் துண்டுகளும் அதே பாபினில்தான் சுற்றிக் கிடக்கும். மீட்டர் கணக்கு இங்கே நிற்காது.

எடை நிற்கும். இரண்டு இழை போனால் அதற்குத் தக்க எடையும் போகும், துண்டு எத்தனை என்பது பொருட்டே இல்லை. நகைக்கடையில் இருப்பது போன்ற, 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஆன்லைனில் கிடைக்கிறது. சமையலறைத் தராசு உதவாது, அது ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. நூல் கட்டோ ஒன்றிரண்டு கிராம்தான். முதலில் பட்டை கழற்றிய ஒரு முழுக் கட்டை நிறுத்து அந்த எடையைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆங்கருக்கும் டி.எம்.சி.க்கும் தனித்தனியாக நிறுப்பது நல்லது. பிறகு வெறும் பாபினின் எடை. நூல் சுற்றிய பாபினை நிறுத்து, வெறும் பாபினைக் கழித்து, முழுக் கட்டின் எடையால் வகுத்தால் எத்தனை பங்கு மிச்சம் என்று வந்துவிடும். பதிவேட்டில் 0.25, 0.5, 0.75 என்று கால் கால் பங்காகத்தான் எழுதுகிறேன். அதற்கு மேல் துல்லியம் பார்ப்பதில் பயனில்லை, மழைக்காலத்தில் பருத்தி ஈரம் இழுத்து எடையே கொஞ்சம் ஏறும்.

நிறுக்கும்போது மின்விசிறியை அணைத்துவிட வேண்டும். காற்றில் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும்.

மணிகளுக்கு எண் கொடுத்தது

நூலில் எண் கம்பெனி கொடுத்தது. மணியில் பாதிக்கு எண்ணே இல்லை. மியூக்கி, டோஹோ போன்ற ஜப்பான் மணிகளுக்கு முறையான எண் உண்டு. மியூக்கியின் டெலிகா வகை என்றால் `DB` என்று தொடங்கும். `DB0010` பளபளக்கும் கறுப்பு, ஒளி ஊடுருவாதது. அப்படி வந்ததை அப்படியே எழுதிவிட்டேன். ஆனால் ஆரி வேலைக்கு நாம் வாங்கும் சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், பைப் பீட்ஸ் எல்லாம் கிராம் கணக்கில் ஜிப் கவரில் வரும். கவர் மேல் கடைக்காரர் பேனாவால் எழுதிய ஓர் எண் இருந்தாலும் அது அந்தக் கடைக்கு மட்டுமே உரியது.

இவற்றுக்கு நானே ஓர் எண் கொடுக்க வேண்டியிருந்தது. வகை, அளவு, வரிசை எண்: SB-2-014 என்றால் சுகர் பீட்ஸ், 2 மி.மீ., என்னிடம் வந்த பதினான்காவது நிறம். எண்ணோடு வாங்கிய மாதமும் எழுதுவேன். அதே கடையில் அதே “பொன்மணி” கேட்டாலும் அடுத்த சரக்கு சற்றுச் சிவந்தோ வெளுத்தோ வரும். அப்படி வந்தால் பழையதோடு கொட்டிக் கலக்காமல் SB-2-014B என்று தனி டப்பா. கலந்துவிட்டால் பிரிக்க முடியாது, தைத்த பிறகுதான் வரிவரியாகத் தெரியும்.

மணியில் நிறத்தை விட மேற்பூச்சுதான் முக்கியம். ஒரே மரகதப் பச்சை நான்கு விதமாக இருக்கலாம்: ஒளி ஊடுருவாதது, கண்ணாடி போல ஊடுருவுவது, துளைக்குள் வெள்ளி பூசியது, மேலே வானவில் மினுமினுப்பு ஏற்றியது. கவரில் நான்கும் பச்சையாகவே தெரியும், துணியில் நான்கும் வேறு. ஆகவே “பூச்சு” என்று ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். ஊடுருவும் மணிக்கு இன்னொரு குணமும் உண்டு, எந்த நூலில் கோக்கிறோமோ அந்த நிறத்தை அது கொஞ்சம் காட்டும். வெள்ளை நூலில் கோத்தால் வெளிர்பச்சை, அதே மணியைப் பொன் நிற நூலில் கோத்தால் இலைப்பச்சை.

அதனால் மணிகளுக்கு மாதிரித் துணி ஒன்று தைத்தேன். ஹூப்பில் கோரா காடா இழுத்துக் கட்டி, குறியீட்டுக்கு ஒரு வரி. ஊடுருவும் மணி என்றால் இரண்டு சின்ன வரிகள், ஒன்று வெள்ளை நூலில், ஒன்று ஜரி நிற நூலில். பக்கத்திலேயே குறியீடு. துணியில் மணி எப்படித் தெரியும் என்று வாடிக்கையாளருக்குக் காட்ட இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியவில்லை. இந்த ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டு மற்றதை விட்டுவிட்டாலும் தப்பில்லை.

மாதிரி தைத்ததும் சாயச் சோதனை. ஈர வெள்ளைத் துணியால் மணி வரியை அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். மலிவான ரோஸ், ஊதா மணிகளில் சிலவற்றுக்குக் கண்ணாடியே அந்த நிறமில்லை, மேலே சாயம் பூசியிருக்கிறார்கள். துணியில் ரோஸ் தடம் விழுந்தது. அவற்றின் பக்கத்தில் பதிவேட்டில் “சாயம் விடும்” என்று எழுதி, வியர்வை படும் ரவிக்கை வேலைக்கு எடுக்காமல் சுவர்த் தொங்கலுக்கென்று ஒதுக்கினேன். சில்க் நூல் கண்டுகளுக்கும் இதே பரிசோதனை. நாம் சில்க் நூல் என்று சொல்வதில் பெரும்பாலானவை விஸ்கோஸ்தான். ஒரு துண்டை நனைத்து, வெள்ளைத் துணி நடுவில் மடித்து, மிதமான சூட்டில் அயர்ன் பண்ணினால் விடுகிற சாயம் உடனே காட்டிக்கொடுக்கும். அரக்கும் சிவப்பும்தான் அதிகம் மாட்டின.

மணியை எண்ணாமல் எண்ணுவது

மணி இருப்பும் எடையில்தான். 50 மணியை எண்ணி நிறுத்தேன். 11/0 அளவுச் சுகர் பீட்ஸ் ஒன்று 0.45 கிராம் காட்டியது, அதாவது கிராமுக்கு ஏறக்குறைய 110 மணி. இந்த எண் மணிக்கு மணி மாறும். 8/0 மணி பெரியது, கிராமுக்கு நாற்பதைச் சுற்றித்தான் வரும். டெலிகா சுவர் மெல்லிய உருளை, அதே 11/0 என்று பெயர் இருந்தும் கிராமுக்கு ஏறக்குறைய 200 வரும். அதனால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒருமுறை 50 மணி நிறுத்து, “கிராமுக்கு எத்தனை” என்பதை எழுதி வைப்பது நல்லது. டப்பாக்கள் எல்லாம் ஒரே அளவாக வாங்கி, வெறும் டப்பா எடையை அடியில் எழுதிவிட்டால் மூடியைத் திறக்காமலே நிறுக்கலாம்.

இது எதற்கு உதவுகிறது என்பதற்கு ஒரு ரவிக்கைக் கணக்கைச் சொல்கிறேன். கைச் சுற்றளவு 12 அங்குலம், இரண்டு கை, ஒவ்வொன்றிலும் மூன்று வரி மணி. நெருக்கமாகக் கோத்தால் 11/0 மணி ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 18 பிடிக்கும். 12 × 2 × 3 = 72 அங்குலம். 72 × 18 = 1,296 மணி. கிராமுக்கு 110 என்றால் 11.8 கிராம். உடைந்தது, துளை அடைத்தது, ஊசி நுழையாதது என்று நம்மூர் மணியில் பத்தில் ஒன்றாவது கழியும் என்று வைத்து 13 கிராம் என்று எழுதினேன். டப்பாவில் 9.6 கிராம்தான் இருந்தது. தொடங்குவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டதால், பழைய 9.6 கிராமைக் கழுத்து வேலைக்கு ஒதுக்கிவிட்டு இரண்டு கைக்கும் புதுச் சரக்கிலிருந்து 15 கிராம் வாங்கினேன். இடது கை ஒரு பொன், வலது கை ஒரு பொன் என்று ஆகாது. கழுத்தில் சிறு வித்தியாசம் இருந்தால் யார் கண்ணிலும் படாது.

அங்குலத்துக்கு 18 என்பதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆரி ஊசியால் தைக்கும் கை தளர்வாக இருந்தால் 15-தான் வரும். உங்கள் கையால் ஓர் அங்குலம் தைத்து எண்ணிப் பாருங்கள்.

ஷீட்டில் என்ன இருக்கிறது

இரண்டு தாள்கள் மட்டும். `Stock` தாளில் குறியீட்டுக்கு ஒரு வரி: குறியீடு, குடும்பம், பூச்சு, சாயக் குறிப்பு, இருப்பு, குறைந்தபட்சம். `Log` தாளில் வரவு செலவு: தேதி, குறியீடு, எந்த வேலைக்கு, அளவு. வாங்கினால் கூட்டல், எடுத்தால் கழித்தல் குறி. இருப்பை யாரும் கையால் மாற்றுவதில்லை, ஷீட்டே கூட்டிக்கொள்ளும்:

```
=SUMIFS(Log!D:D, Log!B:B, A2)
```

நூல் கட்டுக் கணக்கில், மணி கிராம் கணக்கில். இரண்டும் ஒரே பத்தியில் இருந்தாலும் குறியீடு வேறு என்பதால் கலக்காது. ஒவ்வொரு இழை எடுக்கும்போதும் எழுத யாராலும் முடியாது. ஒரு வேலை முடிந்ததும் அதற்குப் பயன்பட்ட பாபின்களை மட்டும் நிறுத்து, குறைந்த அளவை ஒரே வரியாக எழுதுகிறேன். பின்னணி வெள்ளை, கறுப்பு, இலைப்பச்சை போன்று அடிக்கடி போகிறவற்றுக்கு மட்டும் குறைந்தபட்சம் 2 கட்டு என்று வைத்திருக்கிறேன். மற்ற நிறங்களுக்கு அந்தக் கட்டம் காலி. எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சம் வைத்தால் வாங்க வேண்டிய பட்டியலே கடைச் சரக்கு அளவுக்கு நீளும்.

டி.எம்.சி. எண்ணில் வரும் டிசைனை ஆங்கரில் தைக்க வேண்டியபோது மாற்றுப் பட்டியல் தேவைப்படுகிறது. ஒரு மயில் டிசைனில் 797, 796, 820 என்று மூன்று நீலம், 700, 701 என்று இரண்டு பச்சை. பட்டியலில் அவை 132, 133, 134, 228, 227 என்று வந்தன, ஷீட்டில் தேடியதும் நான்கு இருப்பில் இருந்தன. அலகுக்கு அருகில் உள்ள சிவப்பு 321-க்குத்தான் தகராறு. ஒரு பட்டியல் 47 என்றது, இன்னொன்று 9046 என்றது. இரண்டு கம்பெனியும் ஒரே சாயத்தில் முக்குவதில்லை, பட்டியல் போட்டவர் கண்ணுக்கு எது அருகில் பட்டதோ அதுதான் மாற்று. சில சமயம் டி.எம்.சி.யின் அடுத்தடுத்த இரண்டு நிறங்களுக்கும் ஆங்கரில் ஒரே எண் வந்து, ஷேடிங் ஒரு படி காணாமல் போகும். அப்போது எண்ணை விட்டுவிட்டு, குடும்பப் பத்தியை வடிகட்டி அதில் ஒரு படி அடர்ந்ததை எடுக்கிறேன். எடுத்ததை D-0321-ன் வரியில் எழுதுவதில்லை. `Log` தாளில் உண்மையில் எந்த ஆங்கர் கட்டு போனதோ அந்தக் குறியீடுதான் ஏறும். மாற்று என்பது குறிப்புப் பத்தியில் ஒரு சொல்லாக இருந்தால் போதும்.

குந்தன் கற்களும் ஜரியும் இந்த ஏற்பாட்டுக்குள் இன்னும் வரவில்லை. கல்லுக்கு நிறத்தோடு வடிவமும் அளவும் சேர்வதால் ஒரே குறியீட்டில் அடங்க மறுக்கிறது. ஜரியோ காற்றுப் பட்டால் கறுக்கும் என்பதால் எண்ணை விட வாங்கிய தேதிதான் அதற்கு முக்கியம். இப்போதைக்கு இரண்டும் பழைய தகர டப்பாவில், தேதி எழுதிய ஜிப் கவர்களில் இருக்கின்றன. கல்லுக்கு யாராவது சரியான குறியீட்டு முறை வைத்திருந்தால் சொல்லுங்கள், அடுத்து அதைத்தான் தொடப்போகிறேன்.